ஓடுற ஆட்டோவா, ஒட்டுன ஆட்டோவா? போட்டோவில் வண்டி சேர்க்கும்போது கவனிக்க வேண்டியவை!

சேலம் அம்மாபேட்டை மெயின் ரோட்டில் சாயங்காலம் ஆறரை மணிக்கு நின்று பார்த்திருக்கிறீர்களா? கடைகளில் விளக்கு போட ஆரம்பித்திருப்பார்கள். வானத்தில் இன்னும் கொஞ்சம் நீலம் மிச்சமிருக்கும். டவுன் பஸ், டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கட்டிக்கொண்டு போகிற நூல் மூட்டை, பூக்கடைக் கூட்டம் என்று தெருவே நகர்ந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் நான் எடுத்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, எங்கள் தெருவில் முப்பது வருஷத்துக்கு மேல் ஆட்டோ ஓட்டிய ஓர் அண்ணன் கேட்டார்: "தம்பி, இந்த ரோட்டுல என் வண்டி போற மாதிரி ஒரு படம் பண்ணித் தர முடியுமா? வண்டிய வித்தாச்சு. வீட்டுல மாட்டி வைக்கணும்."

வண்டியின் படம் ஒன்று அவரிடம் இருந்தது. வீட்டு வாசலில் நிறுத்தி, பக்கவாட்டில், தெளிவாக எடுத்த படம். வெட்டி ஒட்டுவது அரை மணி நேர வேலை. ஒட்டிக் காட்டினேன். பார்த்தவர், "நல்லாத்தான் இருக்கு. ஆனா வண்டி நிக்குதே" என்றார்.

சரி என்று 'மோஷன் பிளர்' போட்டேன். இப்போது வண்டி பிசுபிசுவென்று தீற்றிப்போய், கண்ணாடிக்குப் பின்னால் பேய் நிற்கிற மாதிரி இருந்தது. 'எவ்வளவு' தீற்ற வேண்டும் என்று தெரியாமல் கையை வைத்ததுதான் தப்பு. அதற்குக் கணக்கு இருக்கிறது. பெரிய கணக்கெல்லாம் இல்லை. மளிகைக்கடை பில் போடுகிற அளவுக்குத்தான்.

தீற்றலை முடிவு செய்வது வண்டி மட்டுமல்ல

நம்மில் பலரும் நினைப்பது, வேகமான வண்டி என்றால் நிறைய தீற்றல், மெதுவான வண்டி என்றால் கொஞ்சம் தீற்றல் என்றுதான். அது பாதி உண்மை. மீதிப் பாதி கேமராவிடம் இருக்கிறது. படம் எடுக்கும்போது கேமரா எவ்வளவு நேரம் கண் திறந்திருந்ததோ, அந்த நேரத்துக்குள் வண்டி எவ்வளவு தூரம் நகர்ந்ததோ, அந்தத் தூரம்தான் தீற்றல். கண் திறந்திருக்கும் அந்த நேரத்தைத்தான் ஷட்டர் ஸ்பீடு என்கிறோம்.

இதைக் கணக்கிட ஒரு சுலப வழி. வண்டியின் வேகத்தை, மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதை 28-ஆல் பெருக்கி, ஷட்டர் ஸ்பீடின் கீழே இருக்கும் எண்ணால் வகுங்கள். வருவது சென்டிமீட்டர். மணிக்கு 1 கி.மீ. வேகம் என்பது நொடிக்குக் கிட்டத்தட்ட 28 செ.மீ. என்பதுதான் இதன் ரகசியம்.

அம்மாபேட்டை நெரிசலில் ஆட்டோ 25 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். என் சாயங்காலப் படம் 1/30 நொடியில் எடுத்தது. 25-ஐ 28-ஆல் பெருக்கி 30-ஆல் வகுத்தால், சுமார் 23 செ.மீ. அதாவது, கேமரா கண் மூடுவதற்குள் ஆட்டோ ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாக நகர்ந்திருக்கும்.

இதே தெருவை உச்சி வெயிலில் போனில் எடுத்தால் என்ன ஆகும்? வெளிச்சம் அதிகம் என்பதால் போன் தானாகவே 1/1000 நொடி மாதிரி ஒரு வேகத்துக்குப் போய்விடும். அப்போது அதே ஆட்டோ, அதே வேகத்தில் போனாலும் நகர்வது முக்கால் சென்டிமீட்டர்கூட இல்லை. படத்தில் அது நிற்கிற வண்டி மாதிரிதான் தெரியும். ஆக, நல்ல வெயிலில் எடுத்த தெருப் படத்தில் நீளநீளமாகத் தீற்றிய வண்டியை ஒட்டினால், பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் 'ஏதோ இடிக்குதே' என்று தோன்றும். பகல் படத்துக்கு வண்டி சேர்க்கிறீர்கள் என்றால், பெரும்பாலும் தீற்றலே வேண்டாம். வண்டி ஓடுகிறது என்று காட்ட ஓட்டுநரின் உட்காரும் தோரணையும், பறக்கும் துப்பட்டாவும், முன்னால் காலியாக இருக்கும் சாலையுமே போதும்.

எதிர்ப்பக்கத்துக்கும் ஓர் உதாரணம். ஆடி மாதம் குகை வண்டி வேடிக்கையில் அலங்கார வண்டிகள் ஆள் நடக்கும் வேகத்தில்தான் நகரும். மணிக்கு 4 கி.மீ. என்று வைத்தால், ராத்திரி வெளிச்சத்தில் 1/15 நொடியில் எடுத்த படத்தில் அது ஏழரை சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். உச்சி வெயிலில் 25 கி.மீ. வேகத்தில் பறந்த ஆட்டோவைவிட, ராத்திரியில் ஊர்ந்த வண்டிக்குத் தீற்றல் பத்து மடங்கு!

ஷட்டர் ஸ்பீடை எங்கே தேடுவது?

படத்தின் 'டீடெய்ல்ஸ்' பக்கத்தைத் திறந்தால் 1/30, 1/60 என்று எழுதியிருக்கும். படம் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்திருந்தால் இந்த விவரம் அழிந்திருக்கும். அதனால் படத்தை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். போனின் நைட் மோடில் எடுத்த படத்தை இந்த வேலைக்குத் தவிர்ப்பது நல்லது. அது பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்ப்பதால், எழுதியிருக்கும் நேரத்தை நம்பித் தீற்றலைக் கணக்குப் போட முடியாது.

விவரமே கிடைக்கவில்லையா? படத்திலேயே சாட்சி இருக்கும். சாலையைக் கடந்து பக்கவாட்டில் நடந்து போகிற ஒருவரைத் தேடுங்கள். சாதாரண நடை மணிக்கு 5 கி.மீ. இருக்கும். அவருடைய சட்டை ஓரம் எத்தனை செ.மீ. தீற்றியிருக்கிறது என்று பாருங்கள். சுமார் 5 செ.மீ. என்றால், அந்தப் படம் 1/30 நொடிக்கு அருகில் எடுத்தது. காலைப் பார்த்து அளக்காதீர்கள். வீசி எடுத்து வைக்கிற கால் உடம்பைவிட வேகமாகப் போகும். படத்தில் ஏற்கெனவே ஒரு பைக் ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் வசதி. உங்கள் வண்டியின் தீற்றல் அதற்குப் பொருந்த வேண்டும், அவ்வளவுதான்.

சென்டிமீட்டரை பிக்ஸலாக்குவது

கம்ப்யூட்டருக்கு சென்டிமீட்டர் தெரியாது, பிக்ஸல்தான் தெரியும். இதற்கு ஒரு பழைய உபாயம்: கண்மட்டக் கோடு. சமதளமான தெருவில் நின்றபடி கேமராவைக் கண்ணருகே பிடித்து எடுத்தால், உங்கள் உயரத்தில் இருப்பவர்களின் கண்கள் எல்லாம், பக்கத்தில் நின்றாலும் தூரத்தில் நின்றாலும், படத்தில் ஒரே மட்டத்தில் வரும். அந்த மட்டத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். என் படத்தில் கேமரா தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தது. அப்படியென்றால், படத்தில் தரையில் எந்த இடத்தைத் தொட்டாலும், அங்கிருந்து அந்தக் கோடு வரையிலான உயரம் 1.5 மீட்டர்.

ஆட்டோவின் சக்கரம் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்து, அங்கிருந்து கோடு வரை அளந்தேன். 450 பிக்ஸல். அதாவது, அந்த இடத்தில் ஒரு மீட்டருக்கு 300 பிக்ஸல். ஆட்டோவின் நீளம் சுமார் 2.6 மீட்டர். எனவே, வெட்டிய ஆட்டோவை 780 பிக்ஸல் நீளத்துக்குச் சுருக்கினேன். தீற்றல் 23 செ.மீ. என்றால், 70 பிக்ஸல். அளவும் தீற்றலும் ஒரே அளவுகோலில் இருந்து வந்துவிட்டன.

இன்னொரு சோதனையும் இங்கேயே செய்துவிடலாம். ஆட்டோவின் உயரம் சுமார் 1.7 மீட்டர். ஆகவே, கண்மட்டக் கோடு கூரைக்கு ஒரு சாண் கீழே ஓட வேண்டும். வண்டியின் படத்தை யாராவது குத்துக்காலிட்டு உட்கார்ந்து எடுத்திருந்தால், அந்தப் படத்தில் கண்மட்டம் சீட்டுக்கு அருகில் போயிருக்கும். கூரையின் அடிப்பக்கம்கூடத் தெரியும். அப்படிப்பட்ட படத்தை எவ்வளவு தீற்றினாலும் தெருவோடு சேராது. வேறு படம் தேடுவதுதான் வழி.

திசையையும் கவனியுங்கள். நம் ஊரில் இடதுபக்கம் ஓட்டுகிறோம். சாலையோரத்தில் நின்று எதிர்ப்பக்கத்தைப் பார்த்தால், நமக்குப் பக்கத்தில் போகும் வண்டிகள் வலமிருந்து இடமாகப் போகும். எதிர்ப்பக்கத்து வண்டிகள் இடமிருந்து வலமாகப் போகும். 'ஃப்ளிப்' பண்ணிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். எழுத்துகள் இடவலமாகத் திரும்பிவிடும் என்பது ஒருபக்கம். ஆட்டோவில் சவாரி ஏறும் பக்கமும் மாறிவிடும். அதை ஓட்டியவர் ஒரே நொடியில் கண்டுபிடித்துவிடுவார்.

வெட்டும்போது ஓட்டையை மறக்காதீர்கள்

கார் மாதிரி இல்லை ஆட்டோ. பாதி வண்டி காற்றுதான். ஓட்டுநருக்கும் பின் சீட்டுக்கும் இடையில், முன் கண்ணாடி வழியாக என்று எல்லா இடத்திலும் பின்னால் இருப்பது தெரியும். வெளிக்கோட்டை மட்டும் வெட்டினால், பழைய வீட்டு வாசலின் பச்சைக் கேட் ஆட்டோவுக்குள்ளேயே அம்மாபேட்டைக்கு வந்துவிடும்! அந்த ஓட்டைகளையும் வெட்டி எடுத்தால்தான், அவற்றின் வழியே புதிய தெருவின் கடை விளக்குகள் தெரியும். கண்ணாடிப் பகுதியை முழுதாக அழிக்காமல் லேசாகக் கரைத்து வையுங்கள். கண்ணாடி இருக்கும் உணர்வு வேண்டும்.

ஓட்டுநர் சீட்டில் ஆள் இல்லாவிட்டால் என்ன தீற்றியும் பயனில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிரிக்காதீர்கள், முதல் முறை நானே மறந்தேன். அண்ணனை ஸ்டூலில் உட்காரவைத்து, அதே உயரத்தில், அதே பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துத்தான் சேர்த்தேன்.

முதலில் சக்கரம், பிறகு வண்டி

வண்டி நேராக நகர்கிறது. சக்கரம் சுற்றவும் செய்கிறது. இரண்டும் தனித்தனித் தீற்றல். நிறுத்தி எடுத்த படத்தில் சக்கரத்தின் நட்டு, டயரில் இருக்கும் கம்பெனி எழுத்து எல்லாம் தெளிவாக இருக்கும். அதை அப்படியே விட்டு நேராக மட்டும் இழுத்தால், சறுக்கிக்கொண்டு போகிற வண்டி மாதிரி இருக்கும்.

ஆட்டோ சக்கரத்தின் ஆரம் டயரோடு சேர்த்துச் சுமார் 20 செ.மீ. வண்டி 23 செ.மீ. நகர்ந்தால் சக்கரம் 66 டிகிரி சுற்றியிருக்கும். அதாவது, ஒரு முழுச் சுற்றில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. ஜிம்ப் வைத்திருப்பவர்கள் சக்கரத்தை வட்டமாகத் தேர்வு செய்து `Filters > Blur > Circular Motion Blur` போய், நடுப்புள்ளியை அச்சில் வைத்து, `Angle` 66 கொடுங்கள். போட்டோஷாப்பில் `Filter > Blur Gallery > Spin Blur`. வண்டி கொஞ்சம் சாய்கோணத்தில் இருந்து, சக்கரம் நீள்வட்டமாகத் தெரிந்தால் இரண்டாவதுதான் வசதி. அந்த வட்டத்தை நசுக்கிப் பொருத்திக்கொள்ளலாம். நட்டுகள் தனித்தனியாகத் தெரியாமல் மங்கலான வளையமாக மாறினால் சரி.

அடுத்தது மொத்த வண்டி. இங்கேதான் பலருக்கும் ஒரு சின்ன விஷயம் காலை வாரும். தீற்றல் வண்டியின் ஓரத்தைத் தாண்டி வெளியே வழிய வேண்டும். அதற்கு இடம் இல்லாவிட்டால், உள்ளே தீற்றலும் ஓரத்தில் கத்தி வைத்து வெட்டின மாதிரிக் கோடும் நிற்கும். அதனால், முதலில் ஜிம்ப்பில் `Select > None`, போட்டோஷாப்பில் `Select > Deselect` கொடுத்துத் தேர்வை நீக்குங்கள். ஜிம்ப்பில் `Layer > Layer to Image Size` கொடுத்து லேயரைப் பெரிதாக்குங்கள். போட்டோஷாப்பில், லேயரின் வெற்றிடத்தைப் பூட்டும் பொத்தான் அழுத்தப்பட்டிருந்தால் அதை விடுவியுங்கள்.

இப்போது ஜிம்ப்பில் `Filters > Blur > Linear Motion Blur`, போட்டோஷாப்பில் `Filter > Blur > Motion Blur`. கோணத்துக்கு, முன் சக்கரமும் பின் சக்கரமும் தரையைத் தொடும் இரண்டு புள்ளிகளையும் இணைத்து ஒரு கோடு கற்பனை செய்யுங்கள். வண்டி அந்தக் கோட்டில்தான் போகிறது. எனக்கு அது கிட்டத்தட்ட படுக்கை, பூஜ்ஜியம் டிகிரி.

70 என்ற எண்ணை உடனே நம்பிப் போட்டுவிட வேண்டாம். ஒரு காலி லேயரில் சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி வைத்து அதன்மேல் இந்த ஃபில்டரைப் போட்டுப் பாருங்கள். புள்ளி எவ்வளவு நீளக் கோடாக மாறுகிறது என்று அளந்து, 70 பிக்ஸல் வரும்படி எண்ணைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிட வேலை. எந்த மென்பொருளாக இருந்தாலும் இது ஏமாற்றாது.

சரியாக வந்தால் எப்படித் தெரியும்? வண்டி போகும் திசையோடு படுத்திருக்கும் கோடுகள், அதாவது கூரையின் மேல் விளிம்பு, அடிப்பலகையின் ஓரம் போன்றவை, நடுப்பகுதியில் கூர்மையாகவே இருக்கும். நிமிர்ந்து நிற்கும் கம்பிகள்தான் கரைந்துபோகும். மூக்கும் வாலும் ஒளி ஊடுருவி, பின்னால் இருக்கும் கடை லேசாகத் தெரியும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மங்கியிருந்தால், அது ஓடுகிற வண்டி இல்லை. ஃபோகஸ் போன வண்டி.

இந்த முறை பக்கவாட்டில் போகிற வண்டிக்குத்தான். கேமராவை நோக்கி நேராக வருகிற பஸ், அதே நேரத்தில் படத்தில் இடம் மாறுவது மிகக் குறைவு. கொஞ்சம் பெரிதாவதோடு சரி. அதற்குப் படுக்கைவாட்டில் இழுத்தால் பஸ் பக்கவாட்டில் தாவுவது போல இருக்கும். சாய்கோணத்தில் வருகிற வண்டிக்கு, நம் பக்கம் இருக்கும் முனை அதிகமும் தூர முனை குறைவாகவும் தீற்றும். முதல் முயற்சிக்குப் பக்கவாட்டு வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள்.

தெருவோடு சேர்க்கும் கடைசி வேலைகள்

என் படத்தில், ஆட்டோவுக்கும் கேமராவுக்கும் நடுவில் ஒரு மின்கம்பம் இருந்தது. கம்பம் நிற்கிறது, ஆட்டோ போகிறது. ஆகவே, கம்பத்தின் ஓரம் கூர்மையாக இருக்க, ஆட்டோவின் தீற்றல் அதற்குப் பின்னால் மறைய வேண்டும். முதலில் கம்பத்தின் வடிவத்தில் ஆட்டோவை வெட்டிவிட்டுப் பிறகு தீற்றினால், வெட்டின ஓரமும் சேர்ந்து கரைந்து, கம்பத்தைச் சுற்றிப் புகை படிந்த மாதிரி ஆகும். வரிசை முக்கியம்: முதலில் தீற்றல், அதற்குப் பிறகுதான் முன்னால் இருப்பவற்றுக்கான மாஸ்க்.

நிழலும் வண்டியோடுதான் ஓடுகிறது. ஆட்டோவுக்கு அடியில் கரிய நிழலை ஒரு தனி லேயரில் `Multiply` முறையில் வரைந்து, அதற்கும் அதே 70 பிக்ஸல், அதே கோணம் கொடுங்கள். சாயங்கால வெளிச்சத்தில் நீளமான நிழல் விழாது. ஆனால், வண்டிக்கு நேர் கீழே இருட்டு நிச்சயம் இருக்கும். அது இல்லாவிட்டால் வண்டி தரையிலிருந்து நான்கு விரல்கடை மேலே மிதக்கும்.

விளக்கு விஷயம் வேறு. உண்மையான கேமராவில், எரிகிற பின்விளக்கு நகரும்போது பளிச்சென்று ஒரு சிவப்புக் கோடு போடும். விளக்கு அவ்வளவு பிரகாசமானது. சாதாரணப் படத்தில் ஃபில்டர் போடும்போது அந்தப் பிரகாசம் எல்லாப் பிக்ஸலுக்கும் பங்குபோடப்பட்டு, அழுக்கு ரோஸ் நிறமாகிவிடும். எனவே தீற்றிய பிறகு, விளக்கு இருந்த இடத்தில் 70 பிக்ஸல் நீளத்துக்கு ஒரு பிரகாசமான சிவப்புக் கோட்டை `Screen` முறையில் மேலே வைத்தேன். இருட்டும் நேரத்தில் ஆட்டோவுக்கு விளக்கே போடாமல் விட்டால், அதுவும் குறைதான்.

கடைசியாக, புள்ளிப் புள்ளியான இரைச்சல். குறைந்த வெளிச்சத்தில் எடுத்த தெருப் படம் முழுக்க மணல் தூவினமாதிரி இருக்கும். தீற்றிய ஆட்டோ மட்டும் மழமழவென்று வார்னிஷ் அடித்தமாதிரி நிற்கும். காரணம், தீற்றல் தனக்குள் இருந்த புள்ளிகளையும் தேய்த்துவிட்டது. ஜிம்ப்பில் `Filters > Noise > RGB Noise`, போட்டோஷாப்பில் `Filter > Noise > Add Noise`. படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி, ஆட்டோவின் கூரையையும் பக்கத்து இருட்டுச் சுவரையும் சேர்த்துப் பார்த்து, இரண்டும் ஒன்றாகத் தெரியும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இதை எல்லாத் தீற்றலும் முடிந்த பிறகுதான் செய்ய வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. வண்டி தெளிவாகவும், பின்னால் தெரு கோடுகோடாக ஓடுவதாகவும் சில படங்கள் பார்த்திருப்பீர்கள். அது கேமராவை வண்டியோடு சேர்த்துத் திருப்பி எடுப்பது. பழைய சினிமாவில் நிற்கிற காருக்குப் பின்னால் திரையில் சாலையை ஓடவிட்டு, ஹீரோ ஸ்டீயரிங்கைத் திருப்புவாரே, பார்வைக்கு அதன் உறவுக்காரன். அது வேறு கதை. தெரு அசையாமல் தெளிவாக இருக்கிற படத்தில், தீற்ற வேண்டியது வண்டியைத்தான்.

பெயரா, ஓட்டமா?

எல்லாம் முடித்து அண்ணனிடம் காட்டினேன். இந்த முறை வண்டி ஓடியது. அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "பாப்பா பேரு எங்க தம்பி?"

ஆட்டோவின் பக்கத்தில் மகளின் பெயரை எழுதிவைத்திருந்தார். ஒவ்வோர் எழுத்தும் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. 23 செ.மீ. தீற்றலில் ஓர் எழுத்து அடுத்த எழுத்தின் மேல் ஏறி, மொத்தமும் ஒரு வெள்ளைப் பட்டையாகிவிட்டது. கணக்குப்படி அதுதான் சரி. 1/30 நொடியில், அந்த வேகத்தில், எந்தக் கேமராவிலும் அந்தப் பெயரைப் படிக்க முடியாது.

பெயரை மட்டும் தெளிவாக மேலே ஒட்டிவிடலாமா? செய்து பார்த்தேன். ஓடுகிற வண்டியில் ஸ்டிக்கர் மட்டும் காற்றில் நிற்கிற மாதிரி, பார்த்த உடனே பொய் தெரிந்தது. ஷட்டரை மாற்ற முடியாது. அது ஏற்கெனவே எடுத்த தெரு. நம் கையில் மிச்சம் இருப்பது ஒன்றுதான், வண்டியின் வேகம்.

வேகத்தை 25-லிருந்து 5-க்குக் குறைத்தேன். 5-ஐ 28-ஆல் பெருக்கி 30-ஆல் வகுத்தால் 5 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. 14 பிக்ஸல். சக்கரம் 13 டிகிரிதான் சுற்றும். பக்கத்தில் நடந்து போகிற மனிதருக்கு என்ன தீற்றலோ, அதே தீற்றல் ஆட்டோவுக்கும். சவாரியை ஏற்றிக்கொண்டு, அப்போதுதான் வண்டி நகர ஆரம்பிக்கிறது. அந்த வேகத்துக்குத் தகுந்த மாதிரி ஆட்டோவைச் சாலையோரத்துக்குக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். பெயரின் நிமிர்ந்த கோடுகள் கரைந்திருந்தன. படுத்த கோடுகளும் வளைவுகளும் தங்கியிருந்தன. தெரியாதவர் தடுமாறித்தான் படிப்பார். தெரிந்தவருக்குக் கஷ்டமே இல்லை.

படத்தின் பின்பக்கம், 'மூன்று படங்களைச் சேர்த்துச் செய்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்தேன். இந்த வேலையைக் கற்றுக்கொள்பவர்கள் இந்தப் பழக்கத்தையும் சேர்த்துக் கற்றுக்கொள்வது நல்லது. வீட்டுச் சுவருக்கும் விளம்பரத்துக்கும் இது சரி. விபத்துப் புகாருக்கோ, இன்ஷூரன்ஸுக்கோ, செய்திக்கோ இப்படி ஒரு வண்டியைச் சேர்த்தால் அது கைவேலை இல்லை, மோசடி. 'வேர்ல்டு பிரஸ் போட்டோ' போன்ற போட்டிகளிலும் படத்தில் இல்லாததைச் சேர்க்க அனுமதி இல்லை. கணக்குச் சரியாக இருந்தால் பார்த்து எளிதில் கண்டுபிடிக்க முடியாது என்பதால்தான், நாமே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

படம் இப்போது அண்ணன் வீட்டுக் கூடத்தில் காலண்டருக்குப் பக்கத்தில் தொங்குகிறது. போன வாரம் போனபோது, வந்திருந்த உறவினர் ஒருவர் கேட்டார்: "இது எப்ப எடுத்தது?"

அண்ணன் சொன்னார்: "எடுக்கலீங்க, தம்பி பண்ணுனது. ஆனா தினமும் சாயங்காலம் அந்த இடத்துலதான் வண்டிய எடுப்பேன்."